நோயால் மாறிய கையெழுத்து: மாதிரிக் கையெழுத்துப் படிவத்தை எதை வைத்துச் சரிபார்ப்பது?

கேள்வி: "அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு வங்கிக் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பக்கவாதம் வந்த ஒரு வாடிக்கையாளரின் மகன், மாதிரிக் கையெழுத்தை மாற்றும் படிவத்தை நிரப்பிக் கொண்டுவந்தார். புதிய கையெழுத்து பழையதோடு கொஞ்சமும் ஒட்டவில்லை. எதை வைத்துச் சரிபார்ப்பது? பேசாமல் கைநாட்டு வாங்கிவிடலாமா?"

அந்தப் படிவத்தை மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவர் மேல் சந்தேகம் என்று பொருளில்லை. வீட்டில் கையெழுத்திட்டு வந்த தாளில் சரிபார்க்க எதுவும் இல்லை, அவ்வளவுதான். மற்ற நாட்களில் கையெழுத்தை வைத்து ஆளை அறிகிறோம். இந்த ஒரு படிவத்தில் மட்டும் ஆளை வைத்துக் கையெழுத்தை அறிய வேண்டியிருக்கிறது. ஆகவே வங்கி அதிகாரியின் கண்முன்னால் விழாத கையெழுத்து இங்கே கணக்கில் சேராது. பணி ஓய்வு பெறும்வரை திருநெல்வேலி, தென்காசிப் பகுதிக் கிளைகளில் பெரும்பாலும் காசோலை பாஸ் செய்யும் மேசையில்தான் இருந்தேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். படிவத்தின் அமைப்பும் யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதும் வங்கிக்கு வங்கி மாறும். அதில் உங்கள் வங்கியின் சுற்றறிக்கைதான் முதலில்.

பெரும்பாலான படிவங்களில் இரண்டு கட்டங்கள் இருக்கும்: ஒன்று பழைய கையெழுத்துக்கு, மற்றொன்று புதியதற்கு. ஆரோக்கியமான ஒருவர் விருப்பப்பட்டு கையெழுத்தை மாற்றும்போது இந்த ஏற்பாடு சரி. வலக்கை விழுந்துபோனவரிடம் பழைய கையெழுத்தைக் கேட்டால் எங்கிருந்து வரும்? ஆனால் கட்டம் காலியாக இருந்தால் கவுண்டரில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று குடும்பத்தார் பயப்படுகிறார்கள். வீட்டில் யாராவது பாஸ்புத்தகத்தையோ பழைய காசோலையையோ பார்த்து வரைந்துவிடுகிறார்கள். கெட்ட எண்ணம் இல்லாமலேகூட இது நடக்கிறது. அதனால் இந்த வகைப் படிவத்தில் பழைய கையெழுத்து அச்சு அசலாகப் பொருந்தி வந்தால்தான் எனக்கு நெருடும். வலக்கை அசையாது என்று டாக்டர் சான்று இணைத்திருக்கிறது, கட்டத்தில் வலக்கைக் கையெழுத்து துள்ளி நிற்கிறது என்றால், இரண்டில் ஒன்று உண்மையில்லை. அந்தக் கட்டத்தில் "வலக்கை செயலிழந்ததால் பழைய கையெழுத்து இட இயலவில்லை" என்று எழுதி, அதை நேரில் பார்த்த அதிகாரி கையொப்பமிட்டுத் தேதி போடுவதே முறை.

வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற தமிழாசிரியரின் விவகாரத்தை விரிவாகச் சொல்கிறேன்; உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானது அது. மூளையின் இடப்பக்கத்தில் பக்கவாதம். அதனால் வலக்கையும் வலக்காலும் போயின, பேச்சும் குழறியது. இந்த மூன்றும் சேர்ந்து வருவது வழக்கம்தான்: வலப்பக்க உடம்பை ஆள்வது இடப்பக்க மூளை, பெரும்பாலோருக்குப் பேச்சும் அங்கேதான் இருக்கிறது. பேச்சு போனவருக்குப் புத்தியும் போய்விட்டது என்று முடிவுகட்டுவது பெரிய அநியாயம். அதே நேரத்தில், அவர் தலையாட்டுவதை எல்லாம் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதும் ஆபத்து. சிலருக்குப் பேசுவது மட்டும்தான் கெடும்; சிலருக்குப் பிறர் சொல்வதைப் புரிந்துகொள்வதும் கெடும். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.

அவரால் கிளைக்கு வர முடியாது. நாங்கள் இரண்டு பேர் வீட்டுக்குப் போனோம். எழுபது வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் நோயாளிகளுக்கும் அடிப்படைச் சேவைகளை வீட்டிலேயே தர வங்கிகள் முயல வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் சொல்லியிருக்கிறது. உங்கள் மேலாளர் தயங்கினால் அதை எடுத்துக்காட்டலாம். கையில் கொண்டுபோனவை: கணக்குத் தொடங்கிய படிவத்தின் நகல், அதில் இருந்த புகைப்படம், கணினியில் இருந்த பழைய கையெழுத்தின் அச்சுப்படி, அவரே முன்பு எழுதிய சில காசோலைகளின் படங்கள். காசோலைப் படங்கள் முக்கியம். மாதிரி அட்டையில் இருப்பது ஒரு நாள் நிதானமாகப் போட்ட கையெழுத்து. மனிதர் அவசரத்திலும் சலிப்பிலும் எப்படி எழுதுவார் என்பதைக் காசோலைகளில்தான் பார்க்க முடியும்.

முதலில் ஆளை அடையாளம் காண வேண்டும். முகமும் ஆதாரும் ஒத்துப்போனால் போதுமானதுதான். விரல்ரேகை வைத்து ஆதார் சரிபார்க்கும் கருவி கிளையில் இருந்தால், அவர் சம்மதத்தோடு இன்னும் உறுதி செய்யலாம். ஆதாருக்குப் பத்து விரலும் பதிவாகியிருப்பதால் இடக்கை விரலே போதும், மடங்கி இறுகிய வலக்கையை வலிக்க வலிக்கப் பிரிக்க வேண்டாம். முதியவர்களின் ரேகை தேய்ந்து கருவி ஏற்காமல் போவது சாதாரணம். அதை வைத்து ஆள் வேறு என்று நினைத்துவிடக்கூடாது.

அடுத்தது அவருடைய விருப்பமும் புரிதலும். என்னைக் கேட்டால் மொத்த வேலையின் உயிர்நாடி இதுதான். மகனையும் மருமகளையும் சற்று நேரம் வெளியே இருக்கச் சொன்னோம். மகனுக்கு முகம் சுண்டியது. "சார், நான் இல்லாவிட்டால் அப்பா பேசுவது உங்களுக்குப் புரியாதே" என்றார். "புரியாவிட்டால் கூப்பிடுகிறோம்" என்றேன். பிறகு ஆசிரியரிடம் ஆம், இல்லை என்று தலையசைத்தோ விரல் காட்டியோ பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேட்டேன். இதில் ஒரு சூட்சுமம் உண்டு: சரியான பதில் "இல்லை" என்று வரும் கேள்விகளையும் நடுநடுவே கலந்துவிட வேண்டும். "உங்களுக்கு எங்கள் கிளையில் பென்ஷன் வருகிறதா?" ஆம். "உங்களுக்கு இரண்டு பெண் பிள்ளைகளா?" அவருக்கு ஒரே மகன், இல்லை என்று கையை அழுத்தமாக ஆட்டினார். "கணக்கை மகன் பெயருக்கு மாற்றச் சொல்கிறீர்களா?" இல்லை. "நீங்களே கையெழுத்துப் போட்டு எடுக்க வேண்டுமா?" ஆம். கொஞ்சம் கழித்து அதே கேள்விகளை வரிசையும் சொற்களும் மாற்றி மறுபடி கேட்டோம். பதில்கள் மாறவில்லை. எல்லாவற்றுக்கும் ஆம் என்று தலையாட்டியிருந்தால் அன்றைக்குப் படிவத்தை எடுத்திருக்கவே மாட்டோம்.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது. பக்கவாத நோயாளிகளில் சிலர் மனத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டே ஆம் என்று தலையாட்டிவிடுவார்கள். அதைப் பிரித்தறிவது வங்கிக்காரரின் வேலை இல்லை, நம்மால் முடியவும் முடியாது. ஆகவே டாக்டர் சான்று வேண்டும். அதில் நோயின் கதையெல்லாம் தேவையில்லை. வலக்கையால் முன்புபோல் கையெழுத்திட இயலாது என்பதும், நினைவோடு இருக்கிறார், சொல்வதைப் புரிந்துகொண்டு முடிவு சொல்லும் நிலையில் இருக்கிறார் என்பதும் இருக்க வேண்டும். டாக்டரின் பதிவு எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். நம்மிடம் வரும் சான்றுகளில் பெரும்பாலும் முதல் பாதி மட்டுமே இருக்கும். கை விழுந்துவிட்டது என்று மட்டும் எழுதிய சான்று புரிதலைப் பற்றி எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். மீண்டும் டாக்டரிடம் அனுப்ப நமக்கே சங்கடமாக இருக்கும், இருந்தாலும் அனுப்புங்கள்.

இனி கையெழுத்துக்கு வருகிறேன். உடனே மாதிரி அட்டையை நீட்டாதீர்கள். வெள்ளைத் தாளில் ஐந்தாறு முறை எழுதச் சொல்லுங்கள், நடுவே ஓய்வு கொடுங்கள். கட்டிலில் சாய்ந்து அட்டையைத் தொடையில் வைத்து எழுதுவதும், நாற்காலியில் நிமிர்ந்து மேசையில் எழுதுவதும் வேறு வேறாக இருக்கும். இனி அவர் எப்படி உட்கார்ந்து எழுதப்போகிறாரோ அப்படியே உட்கார வைப்பது நல்லது. தாளை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ளலாம். அவர் கையை யாரும் பிடிக்கக்கூடாது. பிடித்து எழுதவைத்த கையெழுத்தில் இரண்டு பேரின் விசை கலந்திருக்கும். நாளைக்கு அதே மாதிரி வராது.

ஆசிரியரின் பழைய கையெழுத்து தமிழில், முழுப்பெயர். இன்ஷியலுக்குப் பிறகு புள்ளிக்குப் பதில் ஒரு சிறு சாய்கோடு போடுவார். பெயரின் கடைசி எழுத்து 'ன்'. அதன் புள்ளி எழுத்தின் தலைக்கு மேல் நிற்காமல் வலப்பக்கம் தள்ளிப் போய் நிற்கும். கடைசியில் பெயருக்கு அடியில் ஒரு கோடு. இடக்கையால் எழுதியபோது எழுத்துகள் இரண்டு மடங்கு பெரிதாகி, வரி மேலேறி, முதலாம் வகுப்புப் பிள்ளையின் சிலேட்டு மாதிரி இருந்தது. பார்த்த மாத்திரத்தில் வேறு ஆள் என்றுதான் தோன்றும். ஆனால் இன்ஷியலுக்குப் பின் அதே சாய்கோடு இருந்தது. புள்ளி அதே தூரத்துக்கு விலகி நின்றது. அடிக்கோடும் இருந்தது, வலமிருந்து இடமாக இழுக்கப்பட்டு. தொடக்கத்தில் தடித்து முடிவில் மெலிந்ததில் அந்தத் திசை தெரிந்தது. இடக்கைக்காரர்கள் பலர் படுக்கைக் கோட்டை அப்படித்தான் இழுப்பார்கள். கை மாறினாலும், எழுத்தை எப்படிக் கட்டுவது என்ற பழக்கம் மூளையில் தங்கியிருப்பதால் இந்த மாதிரி சின்ன வழக்கங்கள் பின்தொடர்ந்து வருகின்றன. பொருத்தம் பார்க்க வேண்டிய இடம் அதுதான். வளைவுகளின் அழகிலோ வேகத்திலோ பொருத்தம் தேடுவது வீண்.

நடுக்கத்தைப் பற்றியும் கேட்பீர்கள். நோயின் நடுக்கம் ஒழுங்கில்லாதது. ஓர் எழுத்தில் கோடு உதறும், அடுத்த எழுத்தில் சட்டென்று ஒரு சுழி சரளமாக வந்து விழும். எழுதியவர் அதைத் திருத்த மெனக்கெட்டிருக்க மாட்டார். பார்த்து வரைபவரின் நடுக்கம் வேறு: கோடு முழுக்க ஒரே அழுத்தத்தில் மெதுவாக ஊர்ந்திருக்கும், எழுத்தின் நடுவில் தேவையில்லாத இடத்தில் பேனா நின்று மீண்டும் தொடங்கியிருக்கும், விட்டுப்போன இடத்தை ஒட்டுப்போட்டிருப்பார்கள். வடிவம் மட்டும் மாதிரிக்கு வெகு நெருக்கமாக இருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் இது சந்தேகத்தைக் கிளப்பும் அளவுக்குத்தான் உதவும். மோசடி என்று தீர்ப்பெழுத இது போதாது. அதற்குக் கையெழுத்து நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்களும் நிறைய மாதிரிகள் கேட்பார்கள்.

ஆறு கையெழுத்தில் முழுப்பெயரின் நடு எழுத்துகள் ஒவ்வொரு முறையும் சிதறின. இன்ஷியலும் முதல் இரண்டு எழுத்தும் அடிக்கோடும் மட்டும் ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே மாதிரி வந்தன. அந்தச் சுருக்க வடிவத்தையே இனிக் கையெழுத்தாக வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடம் கேட்டோம். சற்று யோசித்துவிட்டுத் தலையசைத்தார். அதன் பிறகுதான் அட்டையில் மூன்று முறை வாங்கினோம். திரும்பத் திரும்ப வரக்கூடிய கையெழுத்துதான் மாதிரியாக உதவும். ஆறில் அழகான ஒன்றைப் பொறுக்கி ஸ்கேன் செய்தால், மறுமாதம் அவருடைய சொந்தக் காசோலையே கையெழுத்து வேறுபடுகிறது என்று திரும்பி வரும். ஒத்திகைத் தாளையும் தேதியிட்டுப் படிவத்தோடு சேர்த்துக் கோப்பில் வைத்தோம். பின்னாளில் காசோலை பாஸ் செய்பவருக்கு இந்த மனிதரின் கையெழுத்து எவ்வளவு தூரம் ஏறி இறங்கும் என்பதை அந்தத் தாள்தான் சொல்லும்.

நோய் எதுவென்பதைப் பொறுத்து முடிவும் மாறும். மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டவருக்கு இந்தப் படிவமே வேண்டாம். கட்டுப் பிரித்துச் சில வாரங்களில் பழைய கையெழுத்து திரும்பிவிடும். அதுவரை பணம் எடுக்க நான் கீழே சொல்லும் இடைக்கால வழி போதும். பார்க்கின்சன் நோயில் எழுத்து போகப் போகச் சிறுத்துக் குறுகும், மாத்திரை வேலை செய்யும் நேரத்துக்கும் செய்யாத நேரத்துக்கும் வித்தியாசம் இருக்கும். அவரிடம் இரண்டு வேளையிலும் மாதிரி வாங்குங்கள், இன்னொரு நாள் மீண்டும் மாற்ற வேண்டிவரும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுங்கள். மனைவியையோ பிள்ளையையோ கூட்டுக் கணக்கில் சேர்க்கும் எண்ணம் அவருக்கே இருந்தால், கையெழுத்து ஓரளவு நன்றாக இருக்கும்போதே செய்துகொள்வது அவருக்கு நல்லது.

கைநாட்டு வாங்கிவிடலாமா என்று கேட்டீர்கள். எழுதக்கூடியவரிடம் வாங்காதீர்கள். கைநாட்டுக் கணக்காக மாறினால் பெரும்பாலான வங்கிகளில் காசோலைப் புத்தகம் கிடைக்காது, ஒவ்வொரு முறையும் ஆள் நேரில் வர வேண்டும் என்பார்கள். எழுந்து நடமாட முடியாதவருக்கு அது பெரிய தண்டனை. கையெழுத்துப் போடவே முடியாதவருக்கு ரிசர்வ் வங்கி வழி சொல்லியிருக்கிறது: கட்டைவிரல் ரேகையோ கால் விரல் ரேகையோ, அதுவும் இயலாவிட்டால் ஒரு குறியோ போதும், வங்கிக்குத் தெரிந்த, சார்பில்லாத இரண்டு சாட்சிகள் அதை அடையாளம் காட்ட வேண்டும், அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருக்க வேண்டும். பணத்தை வாங்கிப்போகிறவர் யார் என்பதை வாடிக்கையாளர் குறிப்பால் காட்டலாம். அவரையும் அதே போல் இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, அவரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். மாவுக்கட்டுக்காரருக்கு நான் சொன்ன இடைக்கால வழியும் இதுதான். எந்தக் கையின் எந்த விரல் என்று ரேகைக்குப் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை வேறு விரலை வைத்துவிட்டு யாரும் விழிக்க வேண்டாம்.

கேட்டதற்குப் பதில் சொல்லும் நிலையிலேயே அவர் இல்லையென்றால் கையெழுத்தும் கிடையாது, கைநாட்டும் கிடையாது. நினைவில்லாதவரின் விரலை மையில் தோய்த்து எடுத்த ரேகை அவருடைய சம்மதம் ஆகாது. அங்கே குடும்பத்தார் நீதிமன்றம் போய்க் காப்பாளர் நியமனம் பெற வேண்டும். நம் பகுதியில் உயர் நீதிமன்றம் என்றால் மதுரைக் கிளை. எந்த நீதிமன்றம், என்ன மனு என்பதை வழக்கறிஞர் சொல்லட்டும். ஆஸ்பத்திரிச் செலவு கழுத்தை நெரிக்கும்போது இதைச் சொல்வது கசப்பாகத்தான் இருக்கும்.

படிவத்தை ஏற்ற பிறகும் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, ஏற்கெனவே வெளியே போன காசோலைகள். நோய் வருவதற்கு முன்பு பழைய கையெழுத்தில் கொடுத்தவை இன்னும் கிளியரிங்கில் வரலாம். காசோலைப் புத்தகத்தின் அடிக்கட்டைகளை வைத்து வீட்டிலேயே அவற்றைப் பட்டியலிட்டு, படிவத்தின் பின்பக்கத்தில் எண்ணும் தொகையும் எழுதி, அவருடைய புதிய கையெழுத்தை வாங்குங்கள். பழைய கையெழுத்துப் படத்தைக் கணினியிலிருந்து அழிக்காதீர்கள். எந்தத் தேதியிலிருந்து புதியது என்று பதிந்து பழையதையும் வைத்திருங்கள். அழித்துவிட்டு, முறையான காசோலையைக் கையெழுத்து வேறுபாடு என்று திருப்பினால், நோயில் கிடப்பவருக்கு வக்கீல் நோட்டீஸ் போய்ச் சேரும். காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் 138ஆம் பிரிவு, கையெழுத்து வேறுபாட்டால் திரும்பும் காசோலைக்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2012இல் லட்சுமி டைகெம் வழக்கில் சொல்லியிருக்கிறது. எதிர்ப்பக்கம், போலிக் கையெழுத்துக்குப் பணம் கொடுத்தால் வங்கிக்கு அதிகாரமே கிடையாது, நட்டம் வங்கியுடையது என்று 1987இல் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷன் வழக்கில் தீர்ப்பு இருக்கிறது. திருப்பினாலும் சிக்கல், கொடுத்தாலும் சிக்கல் என்ற இந்த இடுக்கில் நிற்பதால்தான் பட்டியலும் தேதியும் வேண்டும். லாக்கர், வைப்புநிதி, வேறு கிளையில் உள்ள கணக்கு ஆகியவற்றுக்கும் அதே மாற்றம் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துவிடுங்கள்.

இரண்டாவது, படிவத்தோடு கூடவே வரும் மற்ற விண்ணப்பங்கள். கையெழுத்து மாற்றம், கைப்பேசி எண் மாற்றம், புதிய காசோலைப் புத்தகம், ஏடிஎம் கார்டு என்று நான்கும் ஒரே நாளில் ஒரே கையில் வந்தால் நிதானியுங்கள். பெரும்பாலும் அது வசதிக்காகத்தான் இருக்கும். ஒரு பயணத்தில் எல்லாவற்றையும் முடிக்கப் பார்ப்பார்கள். ஆனால் கணக்கைக் கைப்பற்ற நினைப்பவரும் கேட்பது இதே நான்கைத்தான். கையெழுத்து மாறியது என்ற குறுஞ்செய்தி பழைய எண்ணுக்குப் போகட்டும். சில நாள் கழித்து, கைப்பேசி எண் மாற்றத்தை வாடிக்கையாளரிடம் தனியாகக் கேட்டு உறுதி செய்துகொண்டு செய்யலாம். அந்த ஆசிரியர் வீட்டிலும் மகன் எண் மாற்றும் விண்ணப்பத்தை நீட்டினார். தந்தையிடம் கேட்டோம், அவர் தலையணைக்கு அடியிலிருந்து தன் பழைய பட்டன் போனை எடுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். விண்ணப்பத்தில் "வாடிக்கையாளர் விரும்பவில்லை" என்று எழுதி, அவருடைய புதிய கையெழுத்தையே அதன் கீழே வாங்கிக்கொண்டு வந்தோம்.